கோவாவுக்குள் ஒளிந்திருக்கும் புழு



நமது மலைப்பக்கம் வெட்டுகிற கோவாவும் பூக்கோவாவும் லொறியேறிப் பாலமுனைக் கடற்கரை வரைக்கும் போகின்றன. அங்கே தெரிந்த ஒரு வீட்டுக்கு நாங்கள் போயிருந்தபோது, வீட்டுக்கார உம்மா கல்லுப்போல இறுகிய கோவா ஒன்றை முழுசாகவே உப்புத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்தார். பிறகு வெட்டிப் பார்த்தால் நடுவிலே இரண்டு பச்சைப் புழு! "வெளியில ஒரு ஓட்டையும் இல்லையே தம்பி, இது எப்படி உள்ளுக்குப் போச்சு?" என்று கேட்டார்.

கோவாவைத் திருப்பிப் பார்த்தோம். தண்டோரத்தில் ஒரு சின்னத் துளை, அதன் வாயில் கரும்பச்சைப் புழுக்கை. ஓட்டை விழுந்த மேல் இலைகளைக் கடைக்காரர் முன்னமே உரித்துவிட்டிருந்தார். கோவா இளசாக, இலை விரிந்திருக்கும்போதே புழு உள்ளே போய்விடும். பிறகு இலைகள் அதை மூடிக்கொள்ளும். முழுக் கோவாவுக்குள் உப்புத் தண்ணீர் இறங்காது. அதனால்தான் ஊறவைத்தும் பயனில்லாமல் போனது.

வாங்கும்போது ஒரே அளவான இரண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். பாரமானதே இறுக்கமானது. பெருவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. இடைவெளி குறைந்தால் புழுவுக்கு இடமும் குறையும். ஆனால் இறுக்கத்தை மட்டும் நம்பாமல், அடித்தண்டையும் பாருங்கள். மேல் இலையில் மட்டும் ஓட்டை இருந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று இலை உரித்த பிறகும் ஓட்டையும் புழுக்கையும் தெரிந்தால், புழு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பூக்கோவா என்றால் பூக்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் காம்புகளுக்கிடையே புழுக்கையோ நூலாம்படையோ இருக்கக் கூடாது.

சுத்தம் செய்யும் முறை இதுதான். கோவாவை நாலாகப் பிளந்து, நடுத்தண்டை வெட்டி எடுத்து, இலைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். பூக்கோவாவைச் சின்னச் சின்னப் பூவாகப் பிரித்து, பூப்பக்கம் கீழே இருக்கும்படி போடுங்கள். ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு. கால் மணித்தியாலம் போதும். பிறகு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் அசுவினிப் பூச்சி ஊறினால் மட்டும் போகாது, விரலால் தேய்க்க வேண்டும்.

சில அக்காமார் எடுத்தவுடனே கொதிதண்ணீரில் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் புழு இருந்த இடத்திலேயே செத்து ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று: கண்ணுக்குத் தெரியாத குடற்புழு முட்டையை உப்புத் தண்ணீர் கொல்லாது. கழுவுகிற தண்ணீரிலோ விளைந்த இடத்திலோ சந்தேகம் இருந்தால் பச்சையாகச் சம்பல் போடாதீர்கள், நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

லயத்துப் பக்கம் கோவா நட்டிருப்பவர்கள், சுருள் மூடுவதற்கு முன்பே இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொட்டவுடன் துடித்துப் பின்னுக்குப் போய் நூலில் தொங்கும் சின்னப் பச்சைப் புழுதான் வைரமுதுகுப் பூச்சியின் புழு. அந்த நேரத்தில் கையால் பொறுக்கி எடுத்தால், கறிச்சட்டியில் அதைத் தேட வேண்டி வராது.