வைஃபை விசிறி சொல்லாத செய்தி

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வைஃபை ரௌட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பின்கட்டு அறையில் உட்கார்ந்து, அம்மாவின் கைப்பேசியில் ஒளியியல் பாடம் ஒன்றை வீடியோவாகப் பார்க்கிறீர்கள். திரையின் மேல்மூலையில் வைஃபையைக் குறிக்கும் விசிறி போன்ற படம் தெரிகிறது. ஆகவே சிம் அட்டையின் டேட்டா செலவாகவில்லை என்று நம்புகிறீர்கள். ஆனால் இரவு எட்டு மணிக்குக் குறுஞ்செய்தி வருகிறது: அன்றைய 1.5 கிகாபைட் டேட்டா தீர்ந்துவிட்டது!

நம் நாட்டில் பல திட்டங்களில், நாள் ஒதுக்கீடு தீர்ந்ததும் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகிறது. ஒரு மெகாபைட் என்பது ஏறத்தாழ 8,000 கிலோபிட். அதை 64ஆல் வகுத்தால் 125 வினாடி. அதாவது ஒரு மெகாபைட் அளவுள்ள சாதாரணப் பக்கம் ஒன்று வந்து சேர இரண்டு நிமிடத்துக்கும் மேலாகும். அம்மா கடை வாசலில் நின்று கைப்பேசி வழியாகப் பணம் கட்ட முயலும்போது இந்த இரண்டு நிமிடம் மிக நீளமாகத் தோன்றும். வீட்டில் வைஃபை இருக்க, டேட்டா எங்கே போயிற்று? விசிறி பொய் சொன்னதா?

விசிறி பொய் சொல்லவில்லை. அது சொல்லும் செய்தியை நாம்தான் கூடுதலாகப் பொருள் கொள்கிறோம். "எனக்கும் ரௌட்டருக்கும் இடையே வானொலி அலைத் தொடர்பு இருக்கிறது" என்பது மட்டுமே அதன் பொருள். இணையத்துக்குச் செல்லும் தரவு எந்த வழியாகப் போகிறது என்பது வேறு கேள்வி. கைப்பேசிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரௌட்டர் வழி. மற்றொன்று சிம் அட்டையை ஏற்ற கோபுரத்தின் வழி. முதல் வழியைக் கையில் பிடித்துக்கொண்டே இரண்டாம் வழியில் நடக்கக் கைப்பேசியால் முடியும்.

கைப்பேசி எப்படி முடிவு செய்கிறது?

கைப்பேசி பார்க்கும் முதல் அடையாளம், வந்து சேரும் அலையின் திறன். இதை டெசிபல் மில்லிவாட் என்னும் அலகில் அளக்கிறார்கள்; திரையில் dBm என்று காட்டும். ஒரு மில்லிவாட் திறனுக்கு இந்த அளவுகோலில் பூச்சியம். திறன் பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஒவ்வொரு முறையும் எண்ணிலிருந்து 10 கழியும். ரௌட்டரின் அருகில் −50 என்று காட்டினால், கைப்பேசிக்கு வந்து சேரும் திறன் ஒரு வாட்டில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. பின்கட்டில், இரண்டு செங்கல் சுவர்களுக்கு அப்பால், −80 என்று காட்டலாம். வேறுபாடு 30தானே என்று எண்ணாதீர்கள். மூன்று பத்துகள் குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு! அவ்வளவு நலிந்த அலையிலும் செய்தியைப் பிரித்தெடுக்கும் ஏற்பிகளைச் செய்திருப்பது வியப்புக்குரியதுதான். ஆனால் அந்நிலையில் பிழைகள் மலியும். பிழையுடன் வந்த பொட்டலத்தை மீண்டும் அனுப்ப வேண்டும்; அதுவும் கெட்டால் இன்னொரு முறை. பிழையைக் குறைக்க ரௌட்டரும் தன் வேகத்தைப் படிப்படியாகத் தாழ்த்திக்கொள்ளும். விசிறியின் ஒரு கோடு மட்டும் மினுங்க, பக்கம் பாதியில் நின்றுவிடும்.

இரண்டாவது அடையாளம் இன்னும் சுவையானது. அலை வலுவாக இருக்கிறது, விசிறியும் நிரம்பியிருக்கிறது. ஆனால் தெருவில் கம்பி அறுந்துபோய் ரௌட்டருக்கே இணையம் இல்லை. இதை அலைத்திறனை அளந்து கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஆண்ட்ராய்டு கைப்பேசி வைஃபையில் சேர்ந்ததும் ஒரு சோதனைக் கடிதம் அனுப்புகிறது. பொதுவாக அது போகும் முகவரி இது:

```
http://connectivitycheck.gstatic.com/generate_204
```

பதிலில் 204 என்ற குறியெண் மட்டும் இருக்க வேண்டும். "உன் கடிதம் கிடைத்தது, அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை" என்பது அதன் பொருள். வெற்றுப் பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. பதிலே வராவிட்டால் இணையம் இல்லை. வெற்றுப் பதிலுக்கு மாறாக ஒரு பக்கம் வந்தால், விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் இருப்பதைப் போல நடுவில் யாரோ நின்று அனுமதி கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும். சோதனை தோற்றால் பல கைப்பேசிகள் விசிறியின் பக்கத்தில் ஒரு வியப்புக்குறியையோ பெருக்கல் குறியையோ காட்டும். மொபைல் டேட்டா திறந்திருந்தால், ஓசையின்றி அவ்வழிக்கு மாறிக்கொள்ளவும் செய்யும்.

இவ்வாறு மாறுவதை ஆப்பிள் நிறுவனம் 2015 செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 9இல் `Wi-Fi Assist` என்ற பெயரில் சேர்த்தது. அது தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் வந்தது. அதற்கும் காரணம் உண்டு. வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்த பின்னும் கைப்பேசி வீட்டு வைஃபையை விடாமல் பற்றிக்கொண்டு, வேலையும் செய்யாமல், வேறு வழிக்கும் போகாமல் நிற்பது எல்லோருக்கும் தொல்லையாக இருந்தது. ஆனால் மாறுவது பயனருக்குத் தெரியவில்லை. கட்டணம் ஏறிற்று என்ற புகார்கள் எழுந்தன. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவில் வழக்கும் தொடரப்பட்டது. 2016இல் வந்த ஐஓஎஸ் 9.3, அந்த விசையின் அடியிலேயே அவ்வழியாகச் செலவான அளவைக் காட்டத் தொடங்கிற்று. இதை முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சாம்சங் கைப்பேசிகளில் வைஃபை அமைப்பின் உள்ளே `Switch to mobile data` என்ற விசை இதே வேலையைச் செய்கிறது.

செய்து பாருங்கள்

எந்த வழி என்று அறியப் படத்தைப் பார்ப்பதை விட எண்ணைப் பார்ப்பது நல்லது. கைப்பேசியின் அமைப்புகளில் மொபைல் டேட்டா செலவைக் காட்டும் பக்கம் இருக்கும். அதுதான் நம் அளவுமானி.

பின்கட்டு அறையில் மட்டும் அளந்தால் போதாது. ஆய்வுக்கூடத்தில் செய்வது போல, முடிவு நமக்கு முன்பே தெரிந்த ஓர் இடத்திலும் அளக்க வேண்டும். எனவே முதலில் ரௌட்டரின் பக்கத்தில் உட்காருங்கள். மற்றச் செயலிகளை மூடிவிட்டு, மானியின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 412 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வினாடிக்கு ஒரு மெகாபிட் அளவில் வரும் வீடியோவைப் பத்து நிமிடம் பாருங்கள். வரவேண்டியது எவ்வளவு? 600 வினாடிக்கு 600 மெகாபிட். எட்டால் வகுத்தால் 75 மெகாபைட். முடிந்ததும் சில நிமிடம் பொறுத்து மானியைப் பாருங்கள், ஏனெனில் அது உடனே ஏறாமல் சற்றுப் பிந்தி ஏறுவதுண்டு. இன்னும் 412 என்றே இருந்தால், 75 மெகாபைட்டும் ரௌட்டர் வழியாகவே வந்திருக்கின்றன.

அடுத்துப் பின்கட்டுக்குப் போய், அதே தரத்தில் வேறொரு வீடியோவைப் பத்து நிமிடம் பாருங்கள். முன்பு பார்த்ததையே மீண்டும் போட்டால், சேமித்து வைத்ததிலிருந்து ஓடி உங்களை ஏமாற்றக்கூடும். இப்போது மானி 468 என்று காட்டுகிறது என்று கொள்வோம். 56 மெகாபைட் ஏறியிருக்கிறது. 75இல் 56 என்பது ஏறக்குறைய முக்கால் பங்கு. விசிறி கடைசி வரை திரையில் இருந்திருக்கலாம். ஆனாலும் முக்கால் பங்குப் பாடம் கோபுரத்தின் வழியாக வந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வழி மாறியதும், பின்னணியில் ஓடும் மற்றச் செயலிகளும் அதே வழியில் எதையேனும் அனுப்பியிருக்கலாம். எனவே மொத்தத்தை மட்டும் பார்க்காமல், செயலிவாரியான பட்டியலில் வீடியோச் செயலியின் கணக்கு எவ்வளவு ஏறியது என்றும் பாருங்கள். ஒன்றிரண்டு மெகாபைட் ஏற்றத்தைக் கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். பெரிய அளவை வரவழைத்துச் சோதிப்பது இதற்காகவே.

ஐபோன் வைத்திருப்போருக்கு இச்சோதனையைச் சற்று மாற்ற வேண்டும். `Wi-Fi Assist` முன்னால் திறந்திருக்கும் செயலிக்கே உதவும். பின்னணிப் பதிவிறக்கத்துக்கு உதவாது. வெளி நிறுவனங்களின் வீடியோ, ஒலிச் செயலிகள் சிலவற்றுக்கும் அது வேலை செய்யாது, அவை பெருமளவு டேட்டாவை விழுங்கும் என்பதால். ஆகவே வீடியோவைப் போட்டு "ஏறவில்லை" என்று கண்டால், வழி மாறுவதே இல்லை என்று பொருளாகாது. சஃபாரி உலாவியில் படங்கள் நிறைந்த பக்கங்களைத் திறந்து சோதியுங்கள். பிறகு மொபைல் டேட்டா பக்கத்தின் அடிக்குப் போய், `Wi-Fi Assist` விசையின் கீழுள்ள எண்ணைப் பாருங்கள். அது கடைசியாகக் கணக்கைப் பூச்சியமாக்கிய நாளிலிருந்து சேர்ந்த தொகை. ஒரு நாள் கணக்கன்று. எனவே இங்கும் முன், பின் என இரண்டு அளவுகள் தேவை.

உடனடியாகத் தெரிய வேண்டுமானால் வேறொரு முறை உண்டு. உங்கள் இணைய முகவரி என்ன என்று காட்டும் தளங்கள் பல இருக்கின்றன. வெளி உலகத்துக்கு உங்கள் கைப்பேசி எந்த எண்ணாகத் தெரிகிறதோ அதை அவை காட்டும். ரௌட்டர் வழியாகப் போனால் வீட்டு இணைய நிறுவனத்தின் எண். சிம் வழியாகப் போனால் கைப்பேசி நிறுவனத்தின் எண். முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு எண்ணைக் குறியுங்கள். பிறகு வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவைத் திறந்து குறியுங்கள். பிறகு இரண்டையும் திறந்து, பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். மூன்றாவது எண் முதல் இரண்டில் எதனுடன் ஒத்துப்போகிறதோ அதுவே அந்நேரத்து வழி. எண் மாறுவதால்தான், வழி மாறும் கணத்தில் இணையம் வழியே பேசிக்கொண்டிருந்த அழைப்பு ஒரு நொடி தடுமாறுகிறது அல்லது அறுந்துபோகிறது. மறுமுனைக்கு நீங்கள் திடீரென்று வேறு முகவரிக்காரராகிவிடுகிறீர்கள் அல்லவா! விபிஎன் செயலி ஓடிக்கொண்டிருந்தால் இம்முறை பயன்படாது. எந்த வழியில் போனாலும் அந்த விபிஎன் நிலையத்தின் எண்தான் தெரியும்.

விசையை அணைத்துவிடலாமா? நாள் ஒதுக்கீடு குறைவாக உள்ளவர்கள் அணைப்பதே மேல் என்பேன். ஆனால் அதன் விலையும் தெரிந்திருக்க வேண்டும். பின்கட்டில் −80இல் கைப்பேசி ரௌட்டரைப் பற்றிக்கொண்டே நிற்கும், பாடமும் பாதியில் நிற்கும். அப்போது ரௌட்டரைக் கூடத்து மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்திப் பாருங்கள். ஒரு சுவர் குறைந்து −70 ஆனாலே வரும் திறன் பத்து மடங்காகும். ரௌட்டர் இரண்டு அதிர்வெண்களில் வேலை செய்வதாயின், தொலை அறைக்கு 5 கிகாஹெர்ட்சை விட 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது; சுவர்கள் அதைக் குறைவாகவே விழுங்குகின்றன.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வீடுகளில் ரௌட்டரே இராது. அப்பாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டாக இருக்கும். அங்கே உங்கள் கைப்பேசியில் விசிறி நிரம்பியிருக்கும், உங்கள் மானியும் அசையாது. அந்த 75 மெகாபைட் அப்பாவின் கைப்பேசியில் ஏறியிருக்கும். அளக்க வேண்டிய மானி அது.