உணர்வற்ற பாதம்

தாராவியில் 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் குறுகிய சந்து ஒன்றில் சுடலைமுத்து என்னும் முதியவர் தனியே வாழ்ந்துவந்தார். இளமையில் திருநெல்வேலியிலிருந்து வந்து, தோல் பதனிடும் கூடத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். நீரிழிவு நோய் அவருடைய பாதங்களின் உணர்ச்சியைச் சிறிது சிறிதாகப் போக்கிவிட்டிருந்தது. செருப்பினுள் நீட்டிக்கொண்டிருந்த ஆணி குத்திப் புண்ணாகியும் அவருக்கு வலி தெரியவில்லை.

வீடுதோறும் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் இளம் செவிலி கயல்விழி ஒருநாள் அவர் வாயிலில் வந்து நின்றாள்.

“வலிக்காத புண்ணுக்கு மருந்து எதற்கு? போ அம்மா!” என்று கதவைச் சாத்தினார். உடன் உழைத்த நண்பர் இத்தகைய புண்ணோடு மருத்துவமனைக்குச் சென்று, ஒரு காலை இழந்து திரும்பியதை அவர் கண்டிருந்தார். நெஞ்சில் இருந்தது அச்சம். வாயில் வந்தது சினம்.

மறுநாள் கதவு திறந்திருந்தது. ஆவி பறக்கும் வெந்நீரில் அவர் காலை வைக்கப் போனார்.

“தாத்தா, வேண்டாம்! முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.”

எரிச்சலோடு தொட்டவர் வெடுக்கெனக் கையை இழுத்துக்கொண்டார். நாள்தோறும் இந்தச் சூட்டிலா காலை வைத்திருந்தார்? அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

மூன்றாம் நாள் அவள் மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, அது வளையும் வரை அவர் கையில் அழுத்திக் காட்டினாள். “இவ்வளவுதான். கண்களை மூடிக்கொள்ளுங்கள். பாதத்தில் படும்போது சொல்லுங்கள்” என்றாள்.

சிறிது நேரம் கழிந்தது. “எப்போது தொடப் போகிறாய்?” என்றார்.

“ஆறு இடங்களில் தொட்டுவிட்டேன், தாத்தா.”

முதியவர் கண்களைத் திறந்தார். “காலை எடுத்துவிடுவார்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எடுக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதி கூற இயலாது. புண் எலும்பை எட்டினால் ஆபத்து. இப்போது வீக்கமும் இல்லை, நாற்றமும் இல்லை. உங்களிடம் சொல்லாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன். தோலில் ஓட்டை இருந்தால் நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?”

“வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன்.”

அவள் அவருடைய பாதத்தின் கீழே கண்ணாடியை வைத்தாள். தம் புண்ணை அவர் முதன்முறையாகக் கண்டார். தேர்ந்த கண் உடனே கூர்மையுற்றது. “ஓரம் தடித்திருக்கிறது. இதன் அடியிலும் கெட்டிருக்கலாம்.”

“ஆம், தாத்தா. அதை மருத்துவர்தான் சீவி எடுக்க வேண்டும். சயான் மருத்துவமனைக்கு நானும் உடன் வருகிறேன்.”

அவர் நெடுநேரம் கண்ணாடியையே பார்த்திருந்தார். பிறகு காலை அவள்பக்கம் நீட்டினார். அவள் உப்புக் கரைசலால் புண்ணைக் கழுவித் துணி கட்டினாள்.

சில வாரங்கள் சென்றன. மழையால் ஒருநாள் கயல்விழி காலம் தாழ்த்தி வந்தாள். ஆணி பிடுங்கப்பட்ட செருப்பு வாயிலில் கிடந்தது. உள்ளே, கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு சுடலைமுத்து காத்திருந்தார்.

“இவ்வளவு நேரமா, அம்மா?” என்றார்.