சுருங்கியது எது? லைனிங் துணியை வைத்து ஒரு பாடம்

நம் ஊரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கைதான். பட்டு ரவிக்கைக்குப் பருத்தி லைனிங் வைக்கும் தையற்காரர், அந்த லைனிங் துணியை முதல் நாளே நனைத்துக் காயவைத்துவிடுவார். ஏன் நனைக்கிறார் என்பதுதான் இழைகள் பாடத்தில் என் முதல் கேள்வி. பெரிய காஞ்சிபுரத்தில் தறி உள்ள வீட்டுப் பிள்ளைகள் சீக்கிரமே விடைக்கு அருகில் வந்துவிடுவார்கள். தறியில் பாவு நூல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்த இழுவிசையில் கொஞ்சம் துணியிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் இழை உப்பும், நூல் தளரும், துணி குறுகும். பாவுத் திசையில் பெரும்பாலும் கூடுதலாகக் குறுகும்.

அடுத்து ஆண்களின் கோட்டுக்கு வருவேன். நல்ல கம்பளிக் கோட்டின் உள்ளே அசிடேட் அல்லது குப்ரோ துணி இருக்கும். இரண்டுக்கும் மூலம் செல்லுலோஸ். பஞ்சு அரைத்த பின் பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சைத் தாமிரமும் அம்மோனியாவும் சேர்ந்த நீர்மத்தில் கரைத்து, நுண்துளைகள் வழியே இழுத்தால் குப்ரோ. செல்லுலோஸை அசிட்டிக் அன்ஹைட்ரைடுடன் வினைபுரியச் செய்தால் அசிடேட். இரண்டும் பட்டு இழைபோல நீண்டு வழவழப்பானவை. சட்டைக் கை தடையின்றி வழுக்கிச் செல்லும். பாலியெஸ்டரும் வழுக்கும், விலையும் குறைவு. ஆனால் அது வியர்வையை ஏற்காது, நிலைமின்னூட்டத்தால் ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஈரக்காற்றில் குப்ரோ தன் எடையில் ஏறத்தாழ 11 சதவீத ஈரத்தை ஏற்கும். அசிடேட் 6, பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை.

ஈரத்தை ஏற்கும் அந்தக் குணமே துவைக்கும்போது வம்பாகிறது. குப்ரோ நீரில் உப்பிச் சுருங்கும். அசிடேட்டுக்கு நீரைவிடச் சூடான இஸ்திரிப்பெட்டிதான் பகை. இளகி, சுருங்கி, பெட்டியில் ஒட்டும்.

60 செ.மீ. நீளத்தில் உள்துணி 3 சதவீதம் சுருங்கினால் 1.8 செ.மீ. குறையும். மேல்துணி அரை சதவீதம் சுருங்கினால் 0.3 செ.மீ. மீதி 1.5 செ.மீ. மேல்துணிக்குப் போக இடமில்லை; அது மடிந்து சுருக்கம் விழுகிறது. மேல்துணி அதிகம் சுருங்கினால், உள்துணி தொளதொளத்துக் கீழே எட்டிப் பார்க்கும். சுருக்கம் விழுந்து தெரிவது ஒரு துணி, உண்மையில் சுருங்கியது மற்றது. மாணவர்கள் இதைத் தலைகீழாகவே முதலில் சொல்வார்கள். சொல்லவிட்டுப் பிறகு அளக்கச் சொல்லுங்கள். துவைக்காத புதுத் துணியில் தையல் ஓரத்தில் மட்டும் சுருக்கம் தெரிந்தால், பெரும்பாலும் தையல் நூலின் இறுக்கம்தான் காரணம்.

கோட்டில் உள்துணியின் நடுமுதுகில் ஒரு மடிப்பும் கீழ்விளிம்பில் ஒரு தளர்வும் விட்டிருப்பார்கள். சிறு வேறுபாடு அதில் அடங்கிவிடும். உடலோடு ஒட்டும் ரவிக்கையில் அப்படி விட இடமில்லை. அதனால்தான் முன்கூட்டியே நனைப்பது.

வகுப்பில் செய்ய, நனைக்காத லைனிங் துணியில் பாவுக்கும் ஊடைக்கும் இணையாக 25 செ.மீ. சதுரம் வரையுங்கள். அரை மணி நேரம் ஊறவைத்து, இழுக்காமல் நிழலில் காயவைத்து, இரு திசையிலும் அளக்கட்டும். 24 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 4 சதவீதம். கோட்டு லைனிங் துண்டு கிடைத்தால், ஒரு நூலை அசிட்டோனில் நீங்களே நனைத்துக் காட்டுங்கள், அருகில் தீ வேண்டாம். அசிடேட் குழைந்து கரையும். குப்ரோ அப்படியே கிடக்கும்.