14ஆம் பிரிவைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பெயின்ட் கம்பெனி கெமிஸ்ட் ஒருவருக்காகத் தம்பி எழுதிய கடித வரைவை ராத்திரி இரண்டு தடவை படித்தாயிற்று. புது கம்பெனியின் நியமன ஆணையில் கையெழுத்துப் போடுமுன், பழைய ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவை அவர்களிடம் சொல்லிவிடும் கடிதம். நடை அபாரம். ஜூனியராக இருந்த நாளில் இதை எழுதுகிறவருக்கு இப்படி ஒரு பத்திகூட எழுத வந்ததில்லை. ஆனால் இரண்டு இடங்களில் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

முதல் இடம்: “ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி இந்தத் தடை செல்லாது” என்ற வரி. வேலையை விட்ட பிறகும் 12 மாதம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற 14ஆம் பிரிவின் தடை இந்திய நீதிமன்றத்தில் பொதுவாக நிற்காதுதான். 1872ஆம் வருஷத்துச் சட்டம் அது. அதைப் பற்றி நமக்குள் பேச்சே வேண்டாம். ஆனால் வேலையில் இருக்கும்போதே? அங்கேதான் 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கோலிகாரி வழக்கு குறுக்கே வந்து நிற்கிறது.

கல்யாணில் டயர் கார்டு நூல் தயாரித்த செஞ்சுரி ஆலையில் நிரஞ்சன் சங்கர் கோலிகாரி ஷிப்ட் சூப்பர்வைசர். ஒப்பந்தம் 5 வருஷத்துக்கு. வெளிநாட்டுக் கூட்டாளிகளிடமிருந்து வந்த தொழில்நுட்பம் என்பதால் ரகசியம் காக்கும் ஷரத்தும் அதில் இருந்தது. அவர் பாதியிலேயே கிளம்பி, கோட்டாவில் அதே நூலைத் தயாரிக்க இறங்கியிருந்த ராஜஸ்தான் ரேயானில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அந்த வேலைக்குப் போகக் கூடாதென்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

தம்பியின் கட்சிக்காரருக்கு நோட்டீஸ் காலம் 90 நாள். புது கம்பெனியோ 60ஆம் நாளே வந்து சேரச் சொல்கிறது. பழைய கம்பெனி விடுவிப்புக் கடிதம் தராதவரை மீதி 30 நாளும் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. அந்த 30 நாளுக்கு 27ஆம் பிரிவு குடை பிடிக்காது. வரைவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாவது இடம் இன்னும் மோசம். “கப்பல் அடிப்பாகத்துக்கான புதிய பூச்சில் வேலை பார்த்தேன், அது இன்ன தளத்தில் சோதனையில் இருக்கிறது, ஆகவே ரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்டவன்” என்று ரகசியம் காப்பதாகச் சொல்லும் பத்தியே ரகசியத்தைக் கொட்டிவிட்டது! சொல்ல வேண்டியது பிரிவைத்தான், சரக்கை அல்ல. ஒப்பந்த நகலை முழுசாக இணைப்பதும் வேண்டாம். சில ஒப்பந்தங்களில் ஒப்பந்தமே ரகசியம் என்று எழுதியிருக்கும்.

இந்தக் கிழவர் சாகிறவரை விடப்போகாத பல்லவி ஒன்று உண்டு: நியமன ஆணையின் கடைசிப் பக்கம். “இந்த வேலைக்குத் தடையான எந்த ஒப்பந்தத்துக்கும் நான் கட்டுப்பட்டவன் அல்ல” என்று ஓர் உறுதிமொழி பொடி எழுத்தில் அங்கே படுத்திருக்கும். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்குச் சட்ட ஆலோசகராக இருந்த காலம். புதிதாகச் சேர்ந்த டிசைன் இன்ஜினியரின் பழைய முதலாளியிடமிருந்து பதினோராம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. தடை செல்லாதது, இரண்டு பக்கத்தில் பதில் அனுப்பிவிடலாம். ஆனால் எம்.டி. எடுத்துப் பார்த்தது அந்த உறுதிமொழியை. “ஷரத்து கிடக்கட்டும் சார், பொய் சொல்லிட்டுல்ல உள்ளே வந்திருக்கார்” என்றார். அன்று சாயங்காலம் மனிதர் டிபன் பாக்ஸோடு பஸ் ஸ்டாப்பில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

வாயால் சொன்னேன் என்பதும் உதவாது. நேர்முகத்தில் கேட்டுத் தலையாட்டிய மேனேஜர் வழக்கு வரும்போது வேறு கம்பெனியில் இருப்பார். ஆகவே மின்னஞ்சலில், பழைய வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பே, இவ்வளவு போதும்:

“என் தற்போதைய பணி ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவு, விலகிய பின் 12 மாதம் போட்டி நிறுவனத்தில் சேர்வதைத் தடுக்கிறது. ரகசியக் காப்புப் பிரிவு அதன் பிறகும் தொடர்கிறது. நோட்டீஸ் காலம் 90 நாள். விடுவிப்புக் கடிதம் பெற்ற பிறகே சேர முடியும். அந்நிறுவனத்தின் கோப்பு எதையும் கொண்டுவர மாட்டேன். இதை அறிந்தே நியமிப்பதாக எழுத்தில் தெரிவிக்கவும். உறுதிமொழி வாசகத்தையும் இதற்கேற்பத் திருத்தித் தரவும்.”

பதில் வராமல் கையெழுத்து கூடாது. அவர்கள் பின்வாங்கினால் கெமிஸ்டுக்குப் பழைய வேலையாவது கையில் இருக்கும்.

கையெழுத்து வெள்ளிக்கிழமை என்று கேள்வி. புதன்கிழமைக்குள் நியமன ஆணையின் கடைசிப் பக்கத்தோடு சேம்பருக்கு வரவும். கெமிஸ்டையும் அழைத்து வரவும். அவர் பென் டிரைவில் என்ன இருக்கிறதென்று கேட்க வேண்டியிருக்கிறது.