அச்சத்தின் இரு அளவுகோல்கள்: புட்-கால் விகிதமும் இந்தியா விக்ஸும்

பங்குச் சந்தைச் செய்திகளின் இறுதியில் இரண்டு எண்கள் இடம்பெறுவதை வாடிக்கையாளர்கள் பலர் கவனித்திருப்பர். ஒன்று நிஃப்டியின் புட்-கால் விகிதம். மற்றொன்று அச்சக் குறியீடு என்று அழைக்கப்படும் இந்தியா விக்ஸ். இவ்விரண்டையும் பார்த்துப் பங்கு நிதியில் போடும் மாதத் தவணையை நிறுத்துவோரும் உண்டு. கையிருப்பு முழுவதையும் ஒரே நாளில் முதலீடு செய்வோரும் உண்டு. இந்த எண்கள் சந்தையின் மனநிலையைக் காட்டுகின்றன என்பது உண்மையே. ஆனால் விலை வரைபடத்தை அருகில் வைத்துக்கொள்ளாமல் படித்தால், அவை நேர்மாறான பொருளையும் தரக்கூடும். அது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விகிதம் எதைக் கணக்கிடுகிறது?

குறிப்பிட்ட விலையில், குறிப்பிட்ட நாளுக்குள் விற்கும் உரிமையைத் தருவது புட் ஆப்ஷன். வாங்கும் உரிமையைத் தருவது கால் ஆப்ஷன். உரிமையைப் பெறுபவர் அதற்காகச் செலுத்தும் தொகை பிரீமியம். சந்தை விழும் என்று அஞ்சுபவர் புட் வாங்குகிறார். வெள்ள அபாயமுள்ள ஊரில் வீட்டுக்குக் காப்பீடு எடுப்பதை ஒத்த செயல் இது.

முடிக்கப்படாமல் நிலுவையில் உள்ள ஒப்பந்தங்களின் எண்ணிக்கை ‘ஓப்பன் இன்ட்ரஸ்ட்’ எனப்படுகிறது. தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் உள்ள ஆப்ஷன் பட்டியலில் கால் ஒப்பந்தங்கள் இடப்புறமும் புட் ஒப்பந்தங்கள் வலப்புறமும் தரப்பட்டிருக்கும். புட் பக்கத்து மொத்த நிலுவையைக் கால் பக்கத்து மொத்த நிலுவையால் வகுத்தால் கிடைப்பதே புட்-கால் விகிதம். புட் நிலுவை 60 இலட்சம், கால் நிலுவை 50 இலட்சம் எனில் விகிதம் 1.2 ஆகும்.

விகிதம் கூடினால் அச்சம் கூடுகிறது என்று முடிவு செய்யத் தோன்றும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு புட் ஒப்பந்தத்திலும் வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். விற்றவரும் ஒருவர் இருக்கிறார். வாங்கியவர் அஞ்சுகிறார். விற்றவரோ, சந்தை அந்த விலைக்குக் கீழே போகாது என்ற நம்பிக்கையில் பிரீமியத்தைப் பெற்றுக்கொள்கிறார். நிலுவை எண்ணிக்கை இந்த இருவரையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகவே காட்டுகிறது. அவசரப்பட்டவர் வாங்கியவரா, விற்றவரா என்பதை விகிதம் சொல்வதில்லை.

ஒரே விகிதம், இரண்டு பொருள்

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நிஃப்டி 24,000-இல் நிற்கிறது. விலை வரைபடத்தில் கடந்த சில வாரங்களாக 23,800-ஐ நெருங்கும்போதெல்லாம் சந்தை மீண்டு எழுந்திருக்கிறது; அது ஆதரவு நிலை. 23,800 புட் ஆப்ஷனின் பிரீமியம் 120 ரூபாய். இந்தியா விக்ஸ் 14. ஓரிரு நாள்களில் புட் நிலுவை 75 இலட்சமாக உயர்கிறது. கால் நிலுவை 50 இலட்சமாகவே இருக்கிறது. விகிதம் 1.2-லிருந்து 1.5 ஆகிறது.

முதல் சூழ்நிலையில் நிஃப்டி மெல்ல 24,150-க்கு ஏறுகிறது, புட் பிரீமியம் 80 ரூபாயாகக் குறைகிறது, விக்ஸும் 13-க்கு இறங்குகிறது. காப்பீட்டை விற்க முன்வருவோர் மிகுந்ததால் அதன் விலை குறைந்திருக்கிறது. ஆகவே இங்கு 1.5 என்பது அச்சமன்று; விற்றவர்களின் நம்பிக்கை.

இரண்டாம் சூழ்நிலையில் நிஃப்டி 23,800-ஐ உடைத்துக்கொண்டு 23,700-க்கு இறங்குகிறது, பிரீமியம் 210 ரூபாயாகிறது, விக்ஸ் 18-க்கு ஏறுகிறது. இங்கு காப்பீடு தேடி ஓடுவோரே மிகுதி. அதே 1.5 இப்போது அச்சத்தைக் காட்டுகிறது. நிஃப்டி விழும்போது புட் பிரீமியம் இயல்பாகவே உயரும் என்பதால், பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க இயலாது. விக்ஸும் சேர்ந்து ஏறியிருப்பதே உறுதியான அடையாளம்.

முதல் சூழ்நிலை இரண்டாவதாக மாறிவிடவும் கூடும். நம்பிக்கையோடு புட் விற்றவர்கள் பலர் ஒரே விலையருகே குவிந்திருக்கும்போது ஆதரவு நிலை உடைந்தால், இழப்பைக் கட்டுப்படுத்த அவர்கள் அனைவரும் ஒருசேரத் தம் நிலையை முடிக்க முற்படுவர். அந்த நெருக்கடி வீழ்ச்சியை மேலும் விரைவாக்கும். எனவே அமைதியான சந்தையில் காணப்படும் மிக உயர்ந்த விகிதத்தைப் பாதுகாப்பின் சான்றாகக் கொள்ளலாகாது.

மேலும் ஒரு வரம்பு உண்டு. ஒப்பந்தங்கள் முடிவுறும் நாளில் பழைய நிலுவை முழுவதும் மறைந்துவிடுவதால், மனநிலை மாறாமலேயே விகிதம் மாறும். வாராந்தர ஒப்பந்தங்களை மட்டும் கொண்டு கணக்கிட்ட விகிதமும், எல்லா ஒப்பந்தங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட விகிதமும் வேறுபடும். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டவைதானா என்று பார்த்தல் வேண்டும்.

இந்தியா விக்ஸ் சொல்வது என்ன?

இந்தியா விக்ஸ், நிஃப்டி ஆப்ஷன்களை வாங்கவும் விற்கவும் கேட்கப்படும் விலைகளிலிருந்து தேசியப் பங்குச் சந்தை கணக்கிடும் குறியீடு. அடுத்த 30 நாள்களில் நிஃப்டி எவ்வளவு அசையும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதை, ஓராண்டுக்கான விழுக்காடாக அது தெரிவிக்கிறது. அதை ஒரு மாத அளவுக்கு மாற்ற, 12-இன் வர்க்கமூலமான 3.46-ஆல் வகுக்க வேண்டும். விக்ஸ் 14 எனில் ஒரு மாத அசைவு சுமார் 4 விழுக்காடு. நிஃப்டி 24,000-இல் இருந்தால், அடுத்த ஒரு மாதத்தில் அது ஏறத்தாழ 970 புள்ளிகள் மேலேயோ கீழேயோ செல்லும் எல்லைக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்று சந்தை மதிப்பிடுவதாகக் கொள்ளலாம்.

‘மேலேயோ கீழேயோ’ என்ற சொற்கள் முக்கியமானவை. விக்ஸ் அசைவின் அளவைச் சொல்கிறது, திசையைச் சொல்வதில்லை. வீழ்ச்சியின்போது காப்பீட்டுத் தேவை பெருகுவதால் அது பெரும்பாலும் அப்போது உயர்கிறது. அச்சக் குறியீடு என்ற பெயர் அதனால் வந்ததே.

2020 மார்ச் தந்த பாடம்

2020 ஜனவரியில் 12,400 புள்ளிகளைக் கடந்திருந்த நிஃப்டி, கொரோனா பரவலால் மார்ச் 12 அன்று 9,590-இல் முடிவுற்றது. விக்ஸ் அன்று 40-ஐக் கடந்தது. ‘அச்சம் உச்சத்தில் இருக்கும்போது வாங்கு’ என்ற வழக்கமான அறிவுரையைப் பின்பற்றி, ஒருவர் அன்றே நிஃப்டி குறியீட்டு நிதியில் ஒரு இலட்சம் ரூபாயை முதலிட்டதாகக் கொள்வோம். மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்து 7,610-இல் முடிந்தது. பதினொரு நாள்களில் அவருடைய முதலீடு சுமார் 79,400 ரூபாயாகச் சுருங்கியிருக்கும். விக்ஸ் 40 என்பது உச்சமாக இருக்கவில்லை. மார்ச் 24 அன்று அது 80-ஐயும் கடந்தது.

அன்றைய விலை வரைபடத்தை அருகில் வைத்திருந்தால் வேறொன்று தெரிந்திருக்கும். மார்ச் 12 அன்று நிஃப்டி புதிய தாழ்நிலைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. விக்ஸ் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் திரும்பியிருக்கவில்லை.

மார்ச் 24 அன்று வணிகத்தின் இடையே நிஃப்டி 7,511 வரை இறங்கி மீண்டது. ஏப்ரல் 3 அன்று மறுபடியும் சரிந்து 8,083-இல் முடிந்தபோதும், முந்தைய தாழ்நிலையை அது உடைக்கவில்லை. விக்ஸும் 60-க்குக் கீழே வந்திருந்தது. விலை மீண்டும் இறங்கியபோதும் அச்சம் முன்னளவுக்கு ஏறாததே முதல் நல்ல அறிகுறி. ஏப்ரல் 7 அன்று நிஃப்டி 8,792-இல் முடிந்து, மீட்சியின் தொடக்கத்தில் கண்ட உயர்ந்த முடிவு விலையைத் தாண்டியது. விலை வரைபடத்தின் உறுதி அன்று கிடைத்தது.

ஏப்ரல் 9 அன்று நிஃப்டி 9,111-இல் நின்றது. விக்ஸ் 50-ஐ ஒட்டி இருந்தது. மார்ச் 12-ஐ விட அன்று அச்சக் குறியீட்டின் எண் பெரிது. ஆயினும் அது இறங்குமுகத்தில் இருந்தது. விலை ஏறுமுகத்தில் இருந்தது. அதுவரை காத்திருந்து வாங்கியவர், மிகத் தாழ்ந்த விலையைத் தவறவிட்டார் என்பது மெய்தான். எனினும் மார்ச் 12-இல் வாங்கியவரைவிட 5 விழுக்காடு குறைந்த விலையில் வாங்கினார். இடையில் நேர்ந்த 20 விழுக்காட்டு வீழ்ச்சியையும் அவர் சுமக்கவில்லை.

நாள் குறித்து வரும் அச்சம்

2024 மக்களவைத் தேர்தல் காட்டியது வேறு வகை. ஏப்ரல் பிற்பகுதியில் விக்ஸ் 10-ஐ ஒட்டி இருந்தது. மே இறுதியில் 24-ஐக் கடந்தது. அந்த இடைவெளியில் நிஃப்டி 22,400-ஐ ஒட்டிய நிலையிலிருந்து 22,530-க்கு மட்டுமே நகர்ந்திருந்தது. விலை அசையாதபோது அச்சம் இரு மடங்குக்கு மேல் உயரக் காரணம், வாக்கு எண்ணும் நாள் முன்கூட்டியே அனைவருக்கும் தெரிந்திருந்ததே. ஜூன் 3 அன்று, வாக்குக் கணிப்புகளை நம்பி நிஃப்டி 23,263-க்கு உயர்ந்தது. விக்ஸ் 21-ஐ ஒட்டி இறங்கியது. மறுநாளே நிஃப்டி ஏறத்தாழ 6 விழுக்காடு சரிந்து 21,884-இல் முடிந்தது. அச்சம் தணிந்துவிட்டதாகத் தோன்றிய நாள் பாதுகாப்பான நாளாக அமையவில்லை. முடிவு தெரிந்தபின் விக்ஸ் விரைவாகக் குறைந்தது. ஜூன் 7 அன்று நிஃப்டி மீண்டும் 23,290-இல் முடிந்தது. இத்தகைய நாள்களில் விக்ஸ் குறைவது, ஐயம் நீங்கியதையே காட்டும். விலையின் எதிர்காலத்தை அன்று.

வாடிக்கையாளர் செய்யத்தக்கது

இவ்வளவுகோல்களைப் படிக்க ஆப்ஷன் வணிகத்தில் இறங்க வேண்டியதில்லை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பியூச்சர்ஸ் மற்றும் ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழப்படைந்ததாகச் செபியின் ஆய்வு தெரிவித்துள்ளது. எண்களைப் பார்ப்பது வேறு; அவற்றின் மீது பணம் வைப்பது வேறு.

மாதத் தவணையில் முதலிடுவோருக்கு இவ்வெண்கள் தவணையை நிறுத்துவதற்கான காரணம் ஆகா. வைப்புத்தொகை முதிர்வடைந்து, அதில் ஒரு பகுதியைப் பங்கு நிதிக்கு மாற்ற எண்ணுவோருக்கே இவை ஓரளவு பயன்படும். அவர்கள் வாரத்தின் இறுதி நாளில் நிஃப்டியின் முடிவு விலை, விக்ஸ், புட்-கால் விகிதம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். சில வாரங்களுக்குப் பின் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்ள வேண்டும். விலை புதிய தாழ்நிலையை அடைவது நின்றுவிட்டதா? விக்ஸ் தன் உச்சத்திலிருந்து திரும்பி இறங்குகிறதா? விகிதத்தின் மாற்றம் விலையின் போக்கோடு பொருந்துகிறதா? மூன்றும் ஒரே பக்கம் சுட்டாதபோது, தொகையைப் பல பகுதிகளாகப் பிரித்து மாதந்தோறும் முதலிடுவதே ஏற்றது. மூன்றும் ஒரே பக்கம் சுட்டினாலும், ஓரிரு ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தை வைப்புத்தொகையிலேயே விட்டுவைத்தல் நன்று.