மூன்று கோப்பு, ஒரே சொல்

பணியாளர் பிரிவிலிருந்து மூன்று கோப்புகள் ஒன்றாகத் திருத்தத்துக்கு வருகின்றன: விடுப்பு விதிகள், பயணப்படி விதிகள், பணியாளர் கையேடு. எழுதியவர்கள் மூன்று பேர். ஒன்றில் ‘ஊழியர்’, இன்னொன்றில் ‘பணியாளர்’, மூன்றாவதில் ‘அலுவலர்’.

உடனே திருத்தத் தொடங்காதீர்கள். மூன்றையும் ஒருமுறை படித்து, ஒரு பட்டியல் போடுங்கள்: ஏற்ற சொல், அதன் பொருள், விலக்க வேண்டிய சொல். பொருளை எழுதும்போதுதான் உண்மை தெரியும். ‘ஊழிய’ரும் ‘பணியாள’ரும் ஒருவரே, ஆனால் ‘அலுவலர்’ என்பது விடுப்புக்கு ஒப்புதல் தருபவரைக் குறிக்கலாம். அப்படியானால் அது தனிச்சொல், தொடக்கூடாது. ‘விடுப்பு’, ‘விடுமுறை’ இரண்டும் அப்படித்தான். கையேடு விடுப்பையே விடுமுறை என்று சொல்லியிருக்கிறதே என ஒரேயடியாக மாற்றினால், ‘விடுமுறை நாள்கள் விடுப்புக் கணக்கில் சேரா’ என்ற நல்ல விதி, ‘விடுப்பு நாள்கள் விடுப்புக் கணக்கில் சேரா’ என்று உளறலாகிவிடும். சந்தேகம் வந்தால் பிரிவிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பட்டியல் முடிந்தபின் வேர்டில் `Ctrl+H`. ‘ஊழியர்’ என்று தேடினால் ஊழியருக்கு, ஊழியரின் போன்றவை தப்பிவிடும்; அவற்றில் ர் என்ற புள்ளியெழுத்து இல்லை. ‘ஊழிய’ என்று தேடி ‘பணியாள’ என்று மாற்றினால் எல்லா வேற்றுமைகளும் சரியாக வரும். ஆனாலும் `Replace All` வேண்டாம். ‘ஊழியம்’ என்ற சொல் இருந்தால் ‘பணியாளம்’ ஆகிவிடும். முன்னால் நிற்கும் சொல்லும் மாற வேண்டும்: ‘ஓர் ஊழியர்’ ‘ஒரு பணியாளர்’ ஆகும், ‘அந்த ஊழியர்’ ‘அந்தப் பணியாளர்’ ஆகும். `Find Next` அழுத்தி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தலைப்புக்கு வருவோம். `View` தாவலில் `Navigation Pane` திறந்து மூன்று கோப்புகளையும் அருகருகே வையுங்கள். அங்கே தெரியாத தலைப்பு, வெறுமனே தடித்த எழுத்தில் அடித்தது. அதற்கு `Heading 1` அல்லது `Heading 2` கொடுங்கள். ஒரே வகைப் பகுதிக்கு ஒரே தலைப்பு: ஒன்றில் ‘விண்ணப்பிக்கும் முறை’, மற்றதில் ‘எப்படி விண்ணப்பிப்பது?’ என்று இருக்கலாகாது. எழுத்தின் அளவையும் இடைவெளியையும் கையால் மாற்றாமல் அந்த `Heading` பாணியிலேயே மாற்றினால், கோப்பு முழுவதும் தானே சீராகும்.

தலைப்பு எண் நகர்ந்தால் வேறொரு தொல்லை வரும். பயணப்படி விதிகளில் ‘விடுப்பு விதிகள் 4.2 காண்க’ என்று கையால் அடித்திருந்தால், அங்கே 4.2 இப்போது 4.3 ஆகியிருந்தாலும் இங்கே மாறாது. எனவே எண்ணோடு தலைப்பையும் எழுதுங்கள். கடைசியில் ‘காண்க’ என்று தேடி, ஒவ்வொரு குறிப்பையும் உரிய கோப்பைத் திறந்து சரிபாருங்கள். அதுவரை எந்தக் கோப்பையும் தனியாக அனுப்பாதீர்கள். மூன்றும் சேர்ந்தே போகட்டும், பட்டியலும் அவற்றோடு.