பழைய கைவரைபடத்திலிருந்து அளவுகள் குறித்த வீட்டுப் படம்

இடம்பெயர்ந்த காலத்தில் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் சேர்த்து, வீட்டின் கைவரைபடத்தையும் பொலித்தீன் பையில் வைத்துக் காப்பாற்றி வந்த குடும்பங்கள் பல. அது மேசன் பென்சிலால் கீறிக் கொடுத்த தாளாக இருக்கலாம். ஐயா கொப்பித் தாளில் நினைவிலிருந்து கீறியதாகவும் இருக்கலாம். மீள்குடியேறிய பின் அதே அத்திவாரத்தில் வீட்டைக் கட்ட நினைப்பவர்களுக்கு அந்தத் தாள் உதவும். ஆனால் மடிப்பு விழுந்து, மை பரவி, எண்கள் அரைகுறையாகத் தெரியும் தாளைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமோ மேசனிடமோ கொடுத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாசிப்பார்கள். அந்தத் தாளை ஸ்கான் செய்து, கணினியில் தெளிவான படமாக மாற்றும் முறையை இங்கே விளக்குகிறோம். கணினி வகுப்புக்குப் போன பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு பிற்பகலில் முடிக்கக்கூடிய வேலை இது.

முதலில் தாளை ஸ்கான் செய்யுங்கள். போட்டோக்கொப்பி கடையில் 300 dpi என்று சொன்னால் போதும். மடிப்பை நீவி, தாளைக் கண்ணாடியின் விளிம்போடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுப்பதானால் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். சரிவாக எடுத்தால் தூரத்து அறை சிறுத்துத் தெரியும்.

ஸ்கான் செய்த படத்தின் கோடுகளின் மேல் அப்படியே கீறிக்கொண்டு போவதுதான் பலர் செய்வது. அது வேண்டாம். கையால் கீறியவர் அடிமட்டம் வைத்து அளவுத்திட்டப்படி கீறியிருக்கமாட்டார். பத்தடி அறையும் பன்னிரண்டடி மண்டபமும் தாளில் ஒரே நீளமாக இருக்கக்கூடும். அவர் எழுதிய எண்கள்தான் பெறுமதியானவை. எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை, கதவு எந்தச் சுவரில் என்பதைக் கோடுகளிலிருந்து எடுங்கள். நீள அகலங்களை எண்களிலிருந்து மட்டும் எடுங்கள்.

ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன், எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் விறாந்தை. அதற்குப் பின்னால் இடப்பக்கத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு அறைகள். வலப்பக்கத்தில் முன்னால் மண்டபம், அதன் பின்னால் குசினியும் சாமி அறையும் பக்கத்துப் பக்கத்தில். சுவர்கள் 6 அங்குலச் சீமெந்துக் கற்கள். தாளில் இரண்டு அறைகளும் 10 அடிக்கு 10 அடி, மண்டபம் 14 அடிக்கு 12 அடி 6 அங்குலம், குசினி 8 அடிக்கு 8 அடி என்று எழுதப்பட்டிருக்கிறது. சாமி அறையின் அகலம் மடிப்பில் அழிந்துவிட்டது.

அழிந்த எண்ணை முதலில் கண்டுபிடிக்கலாம். மண்டபத்தின் அகலமான 14 அடியைத்தான் பின்னால் குசினியும் சாமி அறையும் பங்கிட்டுக்கொள்கின்றன. குசினிக்கு 8 அடி, நடுச்சுவருக்கு 6 அங்குலம். மிச்சம் 5 அடி 6 அங்குலம். அதுதான் சாமி அறையின் அகலம்.

இனி முன்னிருந்து பின்னாக இரண்டு பக்கங்களையும் தனித்தனியே கூட்டுங்கள். இடப்பக்கத்தில் சுவர், அறை, சுவர், அறை, சுவர்: 6 அங்குலமும் 10 அடியும் 6 அங்குலமும் 10 அடியும் 6 அங்குலமுமாக 21 அடி 6 அங்குலம் வரும். வலப்பக்கத்தில் சுவர், மண்டபம், சுவர், குசினி, சுவர் என்று கூட்டினால் 22 அடி வருகிறது. பின்சுவர் நேராக ஓடும் வீட்டில் இரண்டு பக்கமும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இங்கே 6 அங்குலம் இடிக்கிறது.

வித்தியாசம் எவ்வளவு என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். சரியாக ஒரு சுவரின் தடிப்பளவு வந்தால், யாரோ ஒரு அறையைச் சுவரையும் சேர்த்து அளந்திருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். ஒரு அடி வந்தால் எண்ணையே பிழையாக வாசித்திருக்கக்கூடும். கையெழுத்தில் 1 ஐ 7 ஆகவும் 3 ஐ 8 ஆகவும் வாசிப்பது சாதாரணம். ஸ்கான் செய்த படத்தைத் திரையில் பெருப்பித்துப் பாருங்கள். நமது உதாரணத்தில், மண்டபத்தின் அளவைக் காட்டும் அம்புக்குறி நடுச்சுவரைத் தாண்டி மறுபக்கம் வரை போயிருக்கிறது. மண்டபத்தின் உள்ளளவு 12 அடி மட்டுமே.

இருந்தாலும் இது ஊகந்தான். வளவுக்குப் போக முடிந்தால் அத்திவாரத்தை நேரில் அளந்து உறுதிசெய்யுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டதென உறுதிப்படுத்தப்படாத காணிக்குள் அளவெடுப்பதற்காகக்கூட இறங்க வேண்டாம். பற்றை மூடிய வளவென்றால் இன்னும் கவனம், பாழ் கிணறு இருந்தாலும் தெரியாது. அளக்கும்போது கருங்கல் அத்திவாரத்தின் வெளிவிளிம்பிலிருந்து அளக்காதீர்கள். அது சுவரைவிட அகலமாகவே போடப்பட்டிருக்கும். எஞ்சி நிற்கும் சீமெந்துக் கல்லின் வெளிமுகத்திலிருந்து மறுபக்கக் கல்லின் வெளிமுகம் வரை நாடாவைப் பிடியுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தடவை அளவுங்கள். இந்த வீட்டின் வெளியளவு முன்பக்கம் 25 அடி 6 அங்குலம், பக்கவாட்டில் 21 அடி 6 அங்குலம். மூலைகள் நேராக இருந்தால் இரண்டு குறுக்களவும் ஏறத்தாழ 33 அடி 4 அங்குலமாக வரும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் வீடு மூலை இழுத்திருக்கிறது. அதைப் படத்தில் மறைக்காமல் குறிப்பாக எழுதுங்கள்.

எண்கள் ஒத்துவந்த பின் கணினி வேலை சுலபம். LibreOffice Draw என்ற மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். அளவுத்திட்டமாக ஒரு அடிக்கு அரைச் சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 10 அடி 5 செ.மீ. ஆகும், 6 அங்குலச் சுவர் 0.25 செ.மீ. ஆகும், முழு வீடும் விறாந்தையோடு ஒரு A4 தாளில் அடங்கும். பள்ளிப் பிள்ளையின் அடிமட்டத்தாலேயே படத்தைச் சரிபார்க்கவும் முடியும்.

ஸ்கான் செய்த படத்தை தனியொரு layer இல் வைத்துப் பூட்டிவிடுங்கள். கீழே உள்ள layer பெயரில் வலது பொத்தானை அழுத்தினால் அதற்கான வழி வரும். பார்ப்பதற்கு மட்டுமே அது. பிறகு சுவர்களைக் கோடு கோடாகக் கீறாமல் இப்படிச் செய்யுங்கள்: முழு வீட்டின் வெளியளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை இடுங்கள், அதன் மேல் ஒவ்வொரு அறைக்கும் அதன் உள்ளளவில் வெள்ளைப் பெட்டி ஒன்றை வையுங்கள். வெள்ளைப் பெட்டிகளுக்கு நடுவே மிஞ்சும் சாம்பல்தான் சுவர். எங்காவது ஓர் எண் பிழைத்திருந்தால் அந்த இடத்தில் சுவர் தடித்தோ மறைந்தோ உடனே கண்ணில் படும்.

பெட்டியைச் சுட்டியால் இழுத்துப் பொருத்த வேண்டாம். பெட்டியைத் தெரிவுசெய்து F4 ஐ அழுத்தினால் இடமும் அளவும் எண்ணாக இடும் பலகை வரும். விறாந்தை தாளின் கீழ்ப்பக்கம் வருமாறு வைத்தால், நமது வீட்டுக்கு இட வேண்டிய எண்கள் இவை, சென்ரிமீற்றரில்:

```
              X      Y      Width  Height
வெளிப்பெட்டி    3.00   4.00   12.75  10.75
பின் அறை       3.25   4.25    5.00   5.00
முன் அறை       3.25   9.50    5.00   5.00
குசினி          8.50   4.25    4.00   4.00
சாமி அறை     12.75   4.25    2.75   4.00
மண்டபம்        8.50   8.50    7.00   6.00
```

முன் அறையின் Y எப்படி 9.50 ஆனது என்று பாருங்கள். பின் அறை தொடங்கும் 4.25, அதன் நீளம் 5.00, சுவர் 0.25; மூன்றையும் கூட்டினால் வருவது அது. மற்றவையும் அப்படியே. 6 அடி விறாந்தையைக் கீழே 3 செ.மீ. உயரத்தில் வெறும் கோட்டால் காட்டலாம். கதவுக்கும் யன்னலுக்கும் சுவரின் மேல் சிறு வெள்ளைப் பெட்டி போதும். 3 அடிக் கதவு 1.5 செ.மீ. அகலம்.

அளவுகளை எழுதும்போது ஒரு பொறி உண்டு. மென்பொருள் தானாகக் காட்டும் அடி அளவு தசமத்தில் வரும். 5.5 என்றால் 5 அடி 6 அங்குலம், 5 அடி 5 அங்குலம் அல்ல. மேசன் அதை எப்படி வாசிப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே அளவுகளை நீங்களே 5'-6" என்று தட்டச்சுச் செய்யுங்கள். ஒவ்வொரு அறைக்குள்ளும் பெயர், அதன் கீழ் உள்ளளவு. குறுக்களவு முதலிலும் முன்பின் அளவு பிறகும் என்ற ஒரே ஒழுங்கில். வீட்டுக்கு வெளியே முன்பக்கத்திலும் ஒரு பக்கவாட்டிலும் முழு வெளியளவு. ஒரு மூலையில் "அறை அளவுகள் உள்ளளவு, பூச்சு சேர்க்கப்படவில்லை" என்று எழுதுங்கள். பூச்சுப் பூசிய பழைய அறையை அளந்தால் ஓரிரு அங்குலம் குறைவாக வருவது அதனால்தான்.

எந்த அளவு நேரில் எடுக்கப்பட்டது, எது பழைய தாளில் இருந்து, எது நினைவிலிருந்து என்பதும் தெரிய வேண்டும். நினைவிலிருந்து எழுதியதற்குப் பக்கத்தில் ஒரு உடுக்குறி போட்டால் போதும். திகதியும் இடுங்கள். அழகான எழுத்தில் வந்துவிட்டால் எல்லா எண்ணும் ஒரே மாதிரி உறுதியானதாகத் தோன்றும். கைத்தாளில் அந்த மயக்கம் இல்லை.

பரப்பளவு கேட்கப்படும்போது இரண்டு விடை உண்டு என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். இந்த வீட்டின் அறைகளை மட்டும் கூட்டினால் 476 சதுர அடி. சுவரையும் சேர்த்த வெளியளவில் 548 சதுர அடி. விறாந்தையைச் சேர்த்தால் மேலும் 153. வீடமைப்பு உதவியில் சதுர அடி எல்லை ஏதும் சொல்லப்பட்டால், அது எந்தக் கணக்கு என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்ட பிறகே படிவத்தை நிரப்புங்கள்.

தமிழ் எழுத்துக்கு யுனிகோட் எழுத்துருவைப் பாவியுங்கள். பாமினியில் அடித்த பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். முடிந்ததும் ஸ்கான் layer ஐ மறைத்து, அதன் Printable தெரிவையும் நீக்கி, PDF ஆகச் சேமியுங்கள். அச்சிடும்போது Actual size என்பதைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். Fit என்று விட்டால் படம் சுருங்கும், அளவுத்திட்டம் போய்விடும். கடையிலேயே அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்: முன்பக்க வெளியளவு 12.75 செ.மீ. இருக்க வேண்டும்.

இந்தப் படம் வீட்டின் உள்ளமைப்பை மட்டுமே காட்டுகிறது. காணி எல்லைக்கோ உரிமைக்கோ இது ஆதாரமாகாது. அதற்கு அனுமதி பெற்ற நில அளவையாளரின் படம் தேவை. பழைய கைத்தாளையும் எறிந்துவிடாதீர்கள். அதன் பிரதியைப் புதிய படத்தோடு சேர்த்து வைத்திருங்கள். அளவில் சந்தேகம் வந்தால் மேசனும் உத்தியோகத்தரும் பார்க்க விரும்புவது அந்தத் தாளைத்தான்.